எழுத்துரு இல்லாத PSD கோப்பில் வரிகள் நகராமல் ஒரு சொல்லை மாற்றுவது எப்படி?

கேள்வி: பல லேயர்கள் கொண்ட PSD கோப்பு ஒன்று வந்திருக்கிறது. அதில் பயன்படுத்திய எழுத்துரு என் கணினியில் இல்லை. ஐந்து வரிப் பத்தி ஒன்றில் தேதியை மட்டும் மாற்ற வேண்டும். ஆனால் பத்திக்குள் கிளிக் செய்து வேறு எழுத்துருவை ஏற்றுக்கொண்டதும் அது ஆறு வரியாகிறது, இடைவெளியும் மாறிவிடுகிறது. வரிகள் இருந்த இடத்திலேயே இருக்க என்ன செய்வது?

பதில்:

முதலில் ஒரு செய்தி உங்களுக்குத் துணையாக இருக்கும். ஃபோட்டோஷாப் ஒவ்வோர் எழுத்து லேயரையும் PSD கோப்பில் இரண்டு வடிவங்களில் சேமிக்கிறது. ஒன்று, சொற்கள், எழுத்துருவின் பெயர், அளவு, இடைவெளி ஆகியவை அடங்கிய விவரம். மற்றொன்று, அந்த விவரத்தைக் கொண்டு கடைசியாக வரையப்பட்ட பிக்சல் படம். எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறக்கும்போது திரையில் தெரிவது அந்தப் பிக்சல் படமே. அதனால்தான் லேயர் பலகத்தில் எச்சரிக்கைக் குறி இருந்தாலும் பத்தி பார்வைக்குச் சரியாகவே இருக்கிறது. நீங்கள் உள்ளே கிளிக் செய்து மாற்று எழுத்துருவுக்கு ஒப்புக்கொள்ளும் நொடியில் பிக்சல் படம் கைவிடப்பட்டு, பத்தி முழுவதும் புதிய எழுத்துருவின் அகலங்களைக் கொண்டு மீண்டும் அடுக்கப்படுகிறது. ஆகவே அந்த நொடிக்கு முன்பு நீங்கள் என்னென்ன எடுத்து வைத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே மற்ற வேலை எளிதாகவோ கடினமாகவோ அமையும்.

கோப்பைத் திறக்கும்போது எழுத்து லேயர்களைப் புதுப்பிக்கவா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். Type மெனுவில் உள்ள Update All Text Layers, Replace All Missing Fonts ஆகிய இரண்டின் பக்கமும் போக வேண்டாம். முன்னது எல்லா எழுத்து லேயர்களையும் ஒரேயடியாக மீண்டும் வரைந்துவிடும். பின்னது நீங்கள் தொட நினைக்காத தலைப்புகளையும் பொத்தான்களையும் சேர்த்தே மாற்றிவிடும். உங்களுக்குத் தேவை ஒரே ஒரு லேயர். மற்றவற்றின் சொற்கள் மாறப்போவதில்லை என்றால், அவை எச்சரிக்கைக் குறியோடு அப்படியே இருப்பதில் கேடு எதுவும் இல்லை. இடம் மாற்றலாம், ஒளிபுகு தன்மையை மாற்றலாம், மாஸ்க் போடலாம். பெரிதாக்குவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கையில் இருப்பது பிக்சல் படம் என்பதால் விளிம்பு கூர்மையாக வரும் என்று நம்ப முடியாது. அச்சுக்கு வெக்டர் வடிவில் போக வேண்டிய கோப்பு என்றாலும் இந்த நிலை போதாது, உண்மையான எழுத்துரு வேண்டும்.

அடுத்து, எந்த எழுத்துரு இல்லை என்பதைத் துல்லியமாக அறிய வேண்டும். குடும்பப் பெயர் மட்டும் போதாது. அதன் எந்த எடை, எந்த வடிவம் என்பதும் தெரிய வேண்டும். கீழே உள்ள சிறு நிரலை .jsx என்று முடியும் கோப்பாகச் சேமித்து, File மெனுவில் Scripts என்பதன் கீழ் உள்ள Browse வழியாக இயக்கினால், ஒவ்வோர் எழுத்து லேயரும் எந்தப் போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயரைக் கேட்கிறது என்று காட்டும்.

```
var out = "";
function walk(p) {
  for (var i = 0; i < p.layers.length; i++) {
    var l = p.layers[i];
    if (l.typename == "LayerSet") walk(l);
    else if (l.kind == LayerKind.TEXT)
      out += l.name + " : " + l.textItem.font + "\n";
  }
}
walk(app.activeDocument);
alert(out);
```

இதற்கு இரண்டு வரம்புகள் உண்டு. ஒரே லேயரில் இரண்டு எழுத்துருக்கள் கலந்திருந்தால் இது ஒன்றை மட்டுமே சொல்லும். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஒன்றின் உள்ளே இருக்கும் எழுத்துகளை இது பார்க்காது. அதை இருமுறை கிளிக் செய்து தனியாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

பெயர் தெரிந்துவிட்டால், கோப்பை அனுப்பியவரிடம் எழுத்துருவின் பெயரோடு அதன் பதிப்பையும் கேளுங்கள். உரிமம் பெற்று அதையே நிறுவிக்கொள்ள முடிந்தால் இதைவிட நல்ல தீர்வு இல்லை. பதிப்பைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஃபோட்டோஷாப் எழுத்துருவைப் பெயரால்தான் தேடுகிறது. அதே பெயரில் வேறொரு பதிப்பு உங்களிடம் இருந்தால் எச்சரிக்கை எதுவும் வராது. ஆனால் அந்தப் பதிப்பில் சில எழுத்துகளின் அகலமோ கெர்னிங் அட்டவணையோ திருத்தப்பட்டிருந்தால், லேயரைத் தொட்டவுடன் வரி நகரும். எச்சரிக்கை வருவதைவிட இப்படி ஓசையின்றி நகர்வதுதான் அதிகத் தொல்லை தரும் என்பது என் கருத்து.

உரிமமோ அவகாசமோ இல்லாமல் மாற்று எழுத்துருதான் வழி என்றாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாற்றைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் எழுத்தின் முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வரி முறிவு நகரக் கூடாது என்பதே நோக்கமென்றால், முகத்துக்கு முன்னால் அகலத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் எழுத்தின் அகலமும் மூல எழுத்துருவின் அகலத்துக்கு ஒத்திருக்கும்படியே வடிவமைக்கப்பட்ட எழுத்துருக்கள் சில இருக்கின்றன. ஹெல்வெட்டிகாவின் அகலங்களுக்கு ஏரியல், ஏரியலின் அகலங்களுக்கு லிபரேஷன் சான்ஸ், டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப், கலிப்ரிக்கு கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கலடியா ஆகியவை அப்படிப்பட்டவை. உங்கள் கோப்பின் எழுத்துரு இந்தப் பட்டியலில் இருந்தால் வரிகள் பெரும்பாலும் தாமாகவே பழைய இடத்தில் முறியும். கெர்னிங் இணைகளில் மட்டும் சிறு வேறுபாடு வரலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிட வேண்டும். பத்தியின் எழுத்துரு யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கத்தில் செய்யப்பட்ட பழைய தமிழ் எழுத்துரு என்றால், கோப்பின் உள்ளே இருப்பது உண்மையில் லத்தீன் எழுத்துகளின் வரிசையே. எந்த யூனிகோடு எழுத்துருவை வைத்தாலும் பொருளற்ற எழுத்துக் குவியல்தான் வரும். அப்போது சொற்களை மாற்றிக் குறியாக்கி மீண்டும் உள்ளிட வேண்டும், அல்லது அதே எழுத்துருவைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இனி உங்கள் ஐந்து வரிப் பத்திக்கு வருவோம். லேயரைத் தொடுவதற்கு முன்பு மூன்று காரியங்களைச் செய்யுங்கள்.

முதலாவது, பார்வைப் படம். Image மெனுவில் உள்ள Duplicate வழியாக ஆவணத்துக்கு ஒரு படி எடுத்து, அந்தப் படியில் பத்தி லேயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறையுங்கள். பிறகு Ctrl, Alt, Shift மூன்றையும் அழுத்திக்கொண்டு E அடித்தால், மேக் கணினியில் Ctrl, Alt இடத்தில் Command, Option, தெரிவது மட்டும் பிக்சலாக ஒரு புதிய லேயரில் பதியும். அதை Shift அழுத்திக்கொண்டே மூல ஆவணத்துக்கு இழுத்துவிட்டால் அதே இடத்தில் அமரும். அதற்குச் சிவப்பு Color Overlay கொடுத்துப் பூட்டிவிடுங்கள். இனிமேல் உங்கள் அளவுகோல் இதுதான்.

இரண்டாவது, எண்கள். எழுத்துக்குள் கிளிக் செய்யாமல் லேயர் பலகத்தில் லேயரை மட்டும் தேர்ந்தெடுத்தால், Character பலகத்தில் அளவு, லீடிங், டிராக்கிங், கெர்னிங் வகை எல்லாம் தெரியும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லீடிங் இடத்தில் Auto என்று இருந்தால், இயல்பான அமைப்பில் அது எழுத்தளவில் 120 விழுக்காடு.

மூன்றாவது, வரி முறிவுகள். இதைத்தான் பலரும் கோப்பிலேயே இருக்கும் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். பெட்டிக்குள் அடுக்கிய பத்தியில், Enter அடித்த இடங்கள் மட்டுமே சொற்களோடு சேமிக்கப்பட்டிருக்கும். பெட்டியின் ஓரத்தை எட்டியதால் தானாக முறிந்த இடங்கள் அங்கே இல்லை. அவை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடப்படுகின்றன. எனவே ஒவ்வொரு வரியும் எந்தச் சொல்லில் முடிகிறது என்பதைப் படத்தைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். வரி முடிவில் இணைப்புக்கோடு வந்திருந்தால் அதையும் குறியுங்கள்.

பெட்டி இல்லாமல் ஓரிடத்தில் கிளிக் செய்து எழுதிய புள்ளி எழுத்து என்றால் இந்தக் கவலை இல்லை. அங்கே Enter அடித்த இடத்தில்தான் வரி முறியும்; எழுத்துரு மாறினால் வரியின் நீளம் மாறுமே தவிர முறிவு மாறாது. கோப்பை அனுப்பியவரிடம் எழுத்துரு இருக்கிறது என்றால், அவரிடமே பத்தியை Convert to Point Text கொடுத்து அனுப்பச் சொல்லலாம். அப்படிச் செய்யும்போது ஒவ்வொரு வரியின் முடிவிலும் முறிவு நிலையாகப் பதிந்துவிடும். பெட்டிக்கு வெளியே வழிந்து மறைந்திருந்த எழுத்துகள் அப்போது அழிந்துவிடும் என்பதை மட்டும் அவர் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். இதை உங்கள் பக்கத்தில் செய்ய முயன்றால், முதலில் எழுத்துருவை மாற்றச் சொல்லும், அதன் பிறகு பழைய முறிவுகள் கிடைக்காது.

இப்போது பத்தி லேயருக்கு Ctrl+J கொண்டு ஒரு படி எடுத்து, மூலத்தை மறைத்து வையுங்கள். அந்த மறைத்த லேயரில் பழைய எழுத்துருவின் பெயரும் அமைப்பும் அப்படியே இருக்கும். பிற்பாடு எழுத்துரு கிடைத்தால் அதுவே கைகொடுக்கும். வேலை முழுவதும் படியில்தான்.

படியில் மாற்று எழுத்துருவை வைத்தவுடன் பத்தி கலையும். கலைவது ஒரு வரியோடு நிற்காது. பத்தி அமைப்பில் Every-line Composer தேர்வாகியிருந்தால், ஃபோட்டோஷாப் எல்லா வரிகளையும் சேர்த்து எடைபோட்டு முறிவுகளைத் தேர்ந்தெடுக்கும். நான்காம் வரியில் ஒரு சொல் நீண்டால் இரண்டாம் வரியின் முறிவுகூட மாறலாம். தேதியில் ஓரிலக்கம் கூடினாலும் இதே கதைதான். ஆகவே அதன் கணக்கோடு போராட வேண்டாம். Paragraph பலகத்தில் Hyphenate தேர்வை நீக்குங்கள். எழுத்துக் கருவியால் பெட்டிக்குள் கிளிக் செய்து, வலது கைப்பிடியை இழுத்துப் பெட்டியைத் தாராளமாக அகலமாக்குங்கள். Free Transform கொண்டு இழுத்தால் எழுத்தே நீண்டுவிடும் என்பதால் எழுத்துக் கருவிதான் இதற்குரியது. நடுவில் அமைந்த பத்தி என்றால் இரு பக்கமும் சம அளவில் அகலமாக்க வேண்டும். பிறகு நீங்கள் குறித்துவைத்த ஒவ்வொரு முறிவிலும் இடைவெளியை நீக்கிவிட்டு Shift+Enter அடியுங்கள். Enter அடித்தால் புதிய பத்தி தொடங்கும். பத்திக்கு முன்பின் இடைவெளியோ முதல் வரி உள்தள்ளலோ இருந்தால் அவை ஒவ்வொரு வரிக்கும் வந்து சேரும். Shift+Enter வரியை மட்டும் முறிக்கும். சொல்லின் நடுவில் முறிந்திருந்தால் இணைப்புக்கோட்டையும் கையால் அடிக்க வேண்டும்.

வரிகள் தத்தம் இடத்தில் நின்ற பிறகு அகலத்தைச் சரிசெய்யலாம். இங்கே வரிசை முக்கியம்: முதலில் எழுத்தளவு, அடுத்து லீடிங், கடைசியில் டிராக்கிங். ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கோடு பார்ப்போம். ஆவணம் 72 ppi, ஆகவே ஒரு பாயிண்ட் என்பது ஒரு பிக்சல். மூலத்தில் எழுத்தளவு 20, லீடிங் Auto, அதாவது 24. மிக நீண்ட வரியில் 41 எழுத்துகள், அவற்றுக்கிடையே 40 இடைவெளிகள், சிவப்புப் படத்தில் அதன் நீளம் 508 பிக்சல். மாற்று எழுத்துருவில் அதே வரி 540 பிக்சல் வருகிறது. கூடுதல் 32 பிக்சல்.

டிராக்கிங் என்பது எழுத்தளவின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அலகில் கணக்கிடப்படுவது. நேராக டிராக்கிங்கில் இறங்கினால், 32 பிக்சலை 40 இடைவெளிகளுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 0.8 பிக்சல், அதை 20 என்ற அளவால் வகுத்து 1000 ஆல் பெருக்கினால் −40 வரும். −40 என்பது வாசிக்கும் அளவிலுள்ள பத்தியில் கண்ணுக்கு நெருக்கடியாகத் தெரியும். r, n இரண்டும் ஒட்டி m போலத் தோன்றத் தொடங்கும். அதனால் முதலில் எழுத்தின் உயரத்தை ஒப்பிடுங்கள். இரண்டிலும் சிறிய x எழுத்தின் உயரத்தைத் திரையைப் பெரிதாக்கி அளந்தால், மாற்று எழுத்துருவில் அது சற்று உயரம் என்பது பெரும்பாலும் தெரியவரும். இங்கே அந்த ஒப்பீடு 19.5 என்ற அளவைக் காட்டுகிறது என்று கொள்வோம். அளவை 19.5 ஆக்கியதும் வரி 526.5 பிக்சலாகக் குறைகிறது. மீதம் 18.5 பிக்சல். 40 ஆல் வகுத்து, 19.5 ஆல் வகுத்து, 1000 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ −24. இது பார்வையை உறுத்தாது, உயரமும் மூலத்தோடு பொருந்துகிறது. மூலத்திலேயே டிராக்கிங் இருந்திருந்தால், அதை முதலில் மாற்றுக்கும் கொடுத்துவிட்டு நீளத்தை அளந்து, வரும் விடையை அதோடு கூட்ட வேண்டும். ஆவணம் 72 அல்லாமல் 300 ppi என்றால், எழுத்தளவைப் பிக்சலாக மாற்றிவிட்டுத்தான் வகுக்க வேண்டும்: 20 பாயிண்ட் அங்கே 83.3 பிக்சல்.

லீடிங்கை இடையில் செருகியதற்குக் காரணம் இதுதான். அளவை 19.5 ஆக்கியபோது Auto லீடிங் 23.4 ஆகச் சுருங்கியிருக்கும். ஒரு வரிக்கு 0.6 பிக்சல் என்பது அற்பமாகத் தோன்றினாலும், ஐந்தாம் வரிக்கு வரும்போது 2.4 பிக்சல் மேலே ஏறிவிடும். எனவே லீடிங்கில் 24 என்று எண்ணாகவே அடித்துவிடுங்கள். இதன் பிறகும் பத்தி முழுவதும் ஒரே அளவில் மேலோ கீழோ தள்ளி நிற்கலாம். பெட்டிக்குள் முதல் வரியின் எழுத்துகள் நிற்கும் அடித்தளக் கோடு எங்கே அமையும் என்பது எழுத்துருவின் மேலுயரத்தைப் பொறுத்தது என்பதால் வரும் நகர்வு அது. Move கருவியை எடுத்து, அம்பு விசையால் சிவப்புப் படத்தின் மேல் பொருந்தும் வரை நகர்த்தினால் போதும்.

சரிபார்க்க, சிவப்புப் படத்தைப் புதிய எழுத்துக்குக் கீழே வையுங்கள். எந்த வரியின் வலது முனையில் சிவப்பு வெளியே நீள்கிறதோ அது குறுகிவிட்டது. எங்கே புதிய எழுத்து சிவப்பைத் தாண்டுகிறதோ அது நீண்டிருக்கிறது. ஒரே டிராக்கிங் எல்லா வரிகளையும் துல்லியமாகப் பொருத்தாது, ஏனெனில் ஒவ்வொரு வரியிலும் அகலமான எழுத்துகளும் குறுகலானவையும் வேறு விகிதத்தில் வருகின்றன. இடப்பக்கம் மட்டும் நேராக்கிய பத்தியில் ஓரிரு பிக்சல் வேறுபாட்டை நான் விட்டுவிடுவேன். வரிக்கு வரி டிராக்கிங்கைத் திருத்தப்போனால் அடர்த்தி வேறுபாடு தெரியத் தொடங்கி, அதுவே பெரிய குறையாகும். இருபக்கமும் நேராக்கிய பத்திதான் கடினம். அங்கே பெட்டியை அகலமாக்க வழியில்லை. பழைய அகலத்திலேயே வைத்து, கீழே விழும் சொல் மேலே ஏறும் அளவுக்கு அந்த வரிக்கு மட்டும் டிராக்கிங்கைக் குறைக்க வேண்டியிருக்கும். சொல்லிடைவெளி மூலத்தைப் போலவே வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, உங்கள் தேவை ஒரு தேதி மட்டும் என்பதால், இதைவிடச் சுருக்கமான ஒரு வழியையும் சொல்ல வேண்டும். மாற்று எழுத்துருவே வேண்டாம். சிவப்புப் படத்தை எடுத்த அதே முறையில், சிவப்பு பூசாத இன்னொரு பிக்சல் படி எடுங்கள். மாற வேண்டிய இலக்கங்களை அதில் அழித்துவிட்டு, வேண்டிய இலக்கங்களை அதே கோப்பில் அதே எழுத்துருவும் அளவும் நிறமும் கொண்ட வேறோர் இடத்திலிருந்து வெட்டி எடுத்து ஒட்டுங்கள். 14 என்பதை 21 ஆக்க வேண்டும் என்றால், 1 உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. தொலைபேசி எண்ணிலோ ஆண்டிலோ 2 கிடைத்துவிடும். வெட்டியதை முழுப் பிக்சல் அளவிலேயே நகர்த்த வேண்டும், சுழற்றவோ அளவு மாற்றவோ கூடாது. அப்போதுதான் விளிம்பின் மென்மை மற்ற எழுத்துகளோடு ஒத்துப்போகும். எல்லா இலக்கங்களும் ஒரே அகலம் கொண்ட எழுத்துரு என்றால் புதிய இலக்கம் பழையதன் இடத்திலேயே சரியாக அமரும். அகலம் மாறும் எழுத்துரு என்றால், 1 வரும் இடத்தில் உண்டாகும் இடைவெளிக்கு ஏற்ப, அதே வரியில் அதன் வலப்பக்கம் உள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து ஓரிரு பிக்சல் நகர்த்த வேண்டும். மற்ற நான்கு வரிகளில் ஒரு பிக்சல்கூட அசையாது. திரையில் மட்டும் காட்டப்படும் படத்துக்கு நான் முதலில் நாடுவது இந்த வழியைத்தான். சொற்கள் அடிக்கடி மாறும் கோப்புக்கோ வெக்டராக அச்சுக்குப் போகும் கோப்புக்கோ இது பொருந்தாது.

எந்த வழியில் செய்தாலும், மறைத்து வைத்த மூல லேயரை நீக்காமல், அதன் பெயரோடு எழுத்துருவின் போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள். உண்மையான எழுத்துரு உள்ள கணினியில் திறப்பவர் அந்த லேயரைக் காட்டச் செய்து, தேதியை மாற்றி, சிவப்புப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு உங்கள் தற்காலிக லேயரை எடுத்துவிடலாம்.